நாலு தரம் மூடப்பட்ட முறைப்பாடு: மேலே கொண்டுபோவது எப்படி, எங்கே நிறுத்துவது?

உரும்பிராய் ரீச்சர் · 2024 ஜூன் 9, இரவு 10.12

வீட்டில் பைபர் இணைப்பு எடுத்து ஆறு மாதம். மே நடுப்பகுதியிலிருந்து பின்னேரங்களில் அறுந்து அறுந்து வருகிறது. எனக்கு ஏழு மணிக்கு சாதாரண தர மாணவருக்கு இணையவழிக் கணித வகுப்பு. கரும்பலகையில் பாதிச் சமன்பாடு எழுதியிருக்கும்போது படம் உறைந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து படிக்கிற பிள்ளைகள் டேட்டாக் காசைச் செலவழித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

நாலு தரம் முறைப்பாடு செய்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் "ரவுட்டரை நிறுத்திப் போடுங்கோ" என்பார்கள். மறுநாள் மத்தியானம் "உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வரும். ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை, ஒன்றும் தீரவில்லை. நாலுக்கும் நாலு இலக்கம் வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் யாரிடம் போவது? பேஸ்புக்கில் போடலாமா? அல்லது இணைப்பை வெட்டிவிட்டு வேறு எடுப்பதுதான் நல்லதா? வெட்டினால் ஒப்பந்தக் காலத்துக்குள் என்று காசு கேட்பார்கள்.

சுன்னாகம் சந்தி · ஜூன் 9, இரவு 10.40

யோசிக்கவே வேண்டாம் ரீச்சர், அவர்களின் பேஸ்புக் பக்கத்தில் போடுங்கோ. என்னுடையதை ஒரே நாளில் முடித்தார்கள். அதோடு ஒவ்வொரு நாளும் புது முறைப்பாடு ஒன்று போட்டுக்கொண்டே இருங்கோ. தொல்லை தாங்காமல் வருவார்கள்.

பழைய மேசை · ஜூன் 10, காலை 6.05

ரீச்சர், பேஸ்புக்குக்குப் போகமுதல் ஒரு வேலை. இன்றைக்கு அழைத்து, உங்கள் கடைசி முறைப்பாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே வாசிக்கச் சொல்லுங்கோ. விளக்கம் வேண்டாம், எழுதியிருக்கிற வசனம் வேண்டும். அதை இங்கே போடுங்கோ.

நான் கொழும்பில் ஆறு வருடம், அழைப்பை எடுக்கிற முதல் மேசையிலிருந்து மேலே வருகிற முறைப்பாடுகளைப் பார்க்கிற இரண்டாம் நிலை மேசையில் இருந்தவன். இந்த நிறுவனமில்லை, வேறொன்று. வேலைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அளவெட்டி அப்பா · ஜூன் 10, காலை 9.30

எனக்கும் இதே கதைதான். போன மாதம் வாங்கிய குளிர்சாதனப்பெட்டி குளிர்வதில்லை. கடைக்காரர் கம்பனிக்குச் சொல் என்கிறார், கம்பனி கடைக்குப் போ என்கிறது. உத்தரவாத அட்டை கையில் இருக்கிறது. ரவுட்டரை நிறுத்திப் போட்டால் எனக்குச் சரிவராதுதானே?

பழைய மேசை · ஜூன் 10, காலை 9.52

ஐயா, உங்களுடையது வேறு பாதை. நுகர்வோர் விவகார அதிகார சபை, இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13. எழுத்தில் கொடுக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். போன மாதம் என்றால் நாள் இருக்கிறது, ஆனால் கடைக்கும் கம்பனிக்கும் நடந்துகொண்டே அந்த மூன்று மாதத்தைக் கரைத்துவிடாதேங்கோ. பற்றுச்சீட்டையும் அட்டையையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கோ, கடைப் பற்றுச்சீட்டு மை மங்கிவிடும்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 10, பின்னேரம் 4.18

கேட்டேன். பிள்ளை முதலில் தயங்கியது, பிறகு வாசித்தது. நாலு முறைப்பாட்டிலும் ஒரே வசனம்: `Slow browsing in evening`. அவ்வளவுதான்.

நான் தமிழில் எத்தனை விபரம் சொன்னேன்! படம் உறைவது, ரவுட்டரில் சிவப்பு விளக்கு மினுங்குவது, பிறகு தானாக வருவது, எல்லாம் சொன்னேன். ஒன்றும் அதில் இல்லை.

பழைய மேசை · ஜூன் 10, இரவு 8.30

இதுதான் நான் நினைத்தது. நீங்கள் தமிழில் அஞ்சு நிமிடம் சொல்வீர்கள், முதல் மேசையில் இருக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதும். அதற்கு அடுத்த அழைப்பு காத்திருக்கிறது, ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கும் இருக்கிறது. உங்கள் முறைப்பாடு என்று மேலே போவது அந்த ஒரு வரி மட்டும்தான். இரண்டாம் நிலையில் இருக்கிறவருக்கு உங்கள் குரல் கேட்காது.

"வேகம் குறைவு" என்று இருந்தால் அது எந்தப் பெட்டிக்குப் போகும்? தூரத்திலிருந்து சோதிக்கிற பெட்டிக்கு. அவர் காலை பதினொரு மணிக்குத் தன் திரையில் உங்கள் லைனைப் பார்ப்பார், எல்லாம் பச்சை. `No fault found` என்று போட்டு மூடுவார். அவர் பொய் சொல்லவில்லை, பதினொரு மணிக்குப் பிழை இல்லை. "சிவப்பு LOS விளக்கு எரிகிறது" என்று இருந்தால் அது வேறு பெட்டி, ஏணியோடு ஆள் வருகிற பெட்டி. LOS என்றால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், அதை ரவுட்டரை நிறுத்திப் போட்டுச் சரிசெய்ய முடியாது.

ஆகவே மேலே போவது என்றால் பெரிய ஆளிடம் போவது என்று நினைக்காதேங்கோ. பெட்டி மாறவேண்டும். பெட்டி மாறாமல் முகாமையாளரே கேட்டாலும் அதே பதினொரு மணிச் சோதனைதான் திரும்ப நடக்கும்.

சுன்னாகம் தம்பி சொன்ன ஒவ்வொரு நாளும் புது முறைப்பாடு என்பது வேண்டாம். பழைய முறைப்பாட்டுக்கு வயது இருக்கிறது. எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது என்று மேற்பார்வையாளரின் திரையில் வரிசையாகத் தெரியும், வயது கூடியது மேலே ஏறும். புதிது போட்டால் வயது பூச்சியம். போதாக்குறைக்கு ஒரே வீட்டிலிருந்து வந்த ரெட்டை முறைப்பாடு என்று ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து மூடுவார்கள். பழைய இலக்கத்தைச் சொல்லி, "தீரவில்லை, இதையே திறவுங்கோ" என்று கேளுங்கோ.

சுன்னாகம் சந்தி · ஜூன் 10, இரவு 9.02

அண்ணை, எனக்கு நடந்ததைத்தான் சொன்னேன். ஒரே நாளில் முடிந்தது உண்மை.

பழைய மேசை · ஜூன் 10, இரவு 9.10

நம்புகிறேன் தம்பி. உங்களுக்கு என்ன பிழை?

சுன்னாகம் சந்தி · ஜூன் 10, இரவு 9.14

பில்லில் ஒரு மாதக் காசு ரெட்டையாக வந்தது.

பழைய மேசை · ஜூன் 10, இரவு 9.31

அதுதான் வித்தியாசம். பேஸ்புக் பக்கத்தைப் பார்க்கிற குழுவுக்குப் பில் திரை திறக்கும், திருத்தலாம். கம்பத்தில் ஏற ஆள் அனுப்ப அவர்களால் முடியாது. அவர்களும் ஒரு முறைப்பாடு எழுதி உள்ளே தள்ளத்தான் வேண்டும்.

ரீச்சர், இரண்டு விசயம் அளந்து வையுங்கோ. ரவுட்டரின் பக்கத்துக்குள் போனால் ஒளி அளவு என்று ஒரு இடம் இருக்கும், `RX Power` என்று எழுதியிருக்கும், அலகு dBm. காலையிலும், பின்னேரம் அறுகிற நேரத்திலும், இரவிலும் நேரத்தோடு குறியுங்கோ. அடுத்தது ping, அதாவது சின்னச் செய்தி ஒன்றை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. வீட்டுக்குள் ரவுட்டர் வரைக்கும் ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். ரவுட்டர் வரைக்கும் ஒழுங்காகப் பதில் வந்து வெளியே மட்டும் நின்றால், வைபைப் பிரச்சினை என்று அவர்கள் சொல்ல இடமில்லை.

என் ஊகம்: பின்னேரம் எல்லாரும் பாவிக்கிற நேரம், லைனில் நெரிசல். ஆனால் அளவு பார்த்துத்தான் சொல்லலாம்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 11, காலை 6.40

மகனின் லப்டொப்பில் உபுண்டு இருக்கிறது. அவன் இப்படிப் போட்டுத் தந்தான், இரண்டும் வேறு வேறு ஜன்னலில்:

```
ping -D -i 5 192.168.1.1 > veettukkul.txt
ping -D -i 5 8.8.8.8 > veliye.txt
```

லப்டொப்பை ரவுட்டரோடு வயரில் கொழுவியிருக்கிறோம். `-D` போட்டால் ஒவ்வொரு வரிக்கும் நேரம் வரும் என்றான். வருகிறது, ஆனால் நீளமான இலக்கமாக வருகிறது. அதை மணியாக மாற்ற `date -d @` என்று எழுதிப் பக்கத்தில் அந்த இலக்கத்தைப் போடவேண்டுமாம்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 15, இரவு 11.05

அஞ்சு நாள் கணக்கு. சுருக்கமாகத் தருகிறேன்.

காலை ஆறு, ஏழு மணிக்கு ஒளி அளவு −21.4க்கும் −21.9க்கும் இடையில்தான் நிற்கிறது. 12ஆம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு −24.8, ஆறு நாற்பதுக்கு −27.9, அதற்குப் பிறகு சிவப்பு விளக்கு, அளவே வாசிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஓடிய ping ஒன்றுகூடத் தவறவில்லை. வெளியே போனது பதினொரு நிமிடம் பதிலே இல்லை. ஒன்பதரைக்குத் திரும்ப −22.0.

11, 13, 15ஆம் திகதிகளிலும் இதே மாதிரி. 14ஆம் திகதி மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. முழுப் பின்னேரமும் −21.6. வகுப்பு ஒன்றரை மணித்தியாலம் முழுதாக நடந்தது.

14ஆம் திகதி என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அன்றைக்குக் காற்று இல்லை. மற்ற நாலு நாளும் சோளகம் பேயாட்டம் ஆடியது. மே நடுவில்தான் இது தொடங்கியது என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன், சோளகம் தொடங்கியதும் அப்போதுதான். "பின்னேரத்தில் வேகம் குறைவு" என்பதை நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் என்பது தற்செயல். காற்று என்று சொல்லியிருக்கவேண்டும்.

பழைய மேசை · ஜூன் 16, காலை 5.50

என் ஊகம் பிழை, திருத்திக்கொள்கிறேன். நெரிசல் என்றால் வேகம் விழும், ஆனால் ஒளி அளவு அசையாது. உங்களுக்கு அளவே விழுகிறது. இது வயர்தான், காற்றில் ஆடுகிற இடத்தில் எங்கேயோ மடிகிறது.

போஸ்ட் ஏறுகிறவன் · ஜூன் 16, மத்தியானம் 1.15

வணக்கம் அக்கா. நான் வயர் இழுக்கிற ஒப்பந்த வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். −21 நல்ல அளவு. வீட்டுப் பெட்டிக்கு −27தான் எல்லை, அதற்குக் கீழே போனால் எப்ப விழும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு முன் கொழுவியது என்றால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற மெல்லிய வயரைப் பாருங்கோ. இறுக்கி வைத்த பிடி தளர்ந்திருக்கும், அல்லது பனை மட்டை முட்டும். பைபர் கண்ணாடி, வளைவு கூடினால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பு விட்டால் திரும்ப வரும், அதுதான் உங்களுக்கு இரவில் சரியாவது.

நிலத்தில் நின்று பாருங்கோ, தொடவேண்டாம். கழன்ற முனை ஏதும் தொங்கினால் அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 16, பின்னேரம் 6.20

தம்பி, நூறு நன்றி. இப்போது படலையடியில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். ஒழுங்கை முகப்பில் கம்பம், அதற்குப் பக்கத்தில் பக்கத்து வளவுப் பனை. காய்ந்த மட்டை இரண்டு தொங்குகிறது. காற்று அடிக்கும்போது மட்டையின் கருக்கு வயரைத் தூக்கிக் கம்பத்துக் கொழுவியில் அழுத்துகிறது, விடுகிறது, திரும்ப அழுத்துகிறது. வயரின் கறுப்புத் தோல் ஒரு இடத்தில் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. போனில் நாற்பது விநாடி வீடியோ எடுத்தேன்.

பழைய மேசை · ஜூன் 16, இரவு 8.00

இப்போது இரண்டாம் நிலைக்கு எழுதலாம். மெயிலில் எழுதுங்கோ, கடைசி முறைப்பாட்டு இலக்கத்தைத் தலைப்பிலேயே போட்டு. நீளமாக வேண்டாம். கோபமும் வேண்டாம். கோபம் நியாயமானது, ஆனால் வாசிக்கிறவர் அதைத் தாண்டித்தான் விசயத்துக்கு வரவேண்டும். முதல் வரியில் பிழையின் பெயர், அடுத்து அளவு, அடுத்து இதுவரை எத்தனை தரம் மூடினார்கள், கடைசியில் என்ன வேண்டும். என்ன வேண்டும் என்பதை ஒரே ஒரு செயலாகக் கேளுங்கோ. "நல்ல சேவை தாருங்கள்" என்றால் யாரும் ஒன்றும் செய்யமுடியாது.

அதே மெயிலில் முதல் வரியை மட்டும் ஆங்கிலத்திலும் நீங்களே போடுங்கோ, அவர்கள் வெட்டி ஒட்டுவதற்கு. தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, அதை விடச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பை அவசரத்தில் இருக்கிற ஒருவரிடம் விடவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 17, காலை 7.25

அனுப்பிவிட்டேன். மற்றவருக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன்:

"காற்று அடிக்கும்போது ஒளி அளவு −21இலிருந்து −28 வரை விழுந்து LOS சிவப்பு எரிகிறது. கம்பத்தடியில் வயர் உரிந்திருக்கிறது, வீடியோ இணைத்துள்ளேன். அஞ்சு நாள் அளவு இணைத்துள்ளேன், காற்றில்லாத 14ஆம் திகதி பிழை இல்லை. மே 20இலிருந்து நாலு தரம் முறைப்பாடு செய்தேன், நாலும் யாரும் வந்து பாராமல் மூடப்பட்டன. பின்னேரம் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒருவரை அனுப்பிக் கம்பத்தடியிலும் வீட்டிலும் ஒளி அளவைப் பார்க்கவும். பார்க்கும்வரை இந்த இலக்கத்தை மூடவேண்டாம்."

முதல் வரிக்கு: `Optical power drops to -28 dBm in wind, LOS red, drop wire damaged at pole.`

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 20, இரவு 9.45

மனம் விட்டுப்போனது. இன்றைக்கு மெசேஜ்: "உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை, முறைப்பாடு மூடப்பட்டது." போனைப் பார்த்தால் வகுப்பு நேரத்தில் 011 இலக்கம் ஒன்றிலிருந்து தவறிய அழைப்பு ஒன்று. ஒரேயொரு தரம். திரும்ப எடுத்தால் "இந்த இலக்கம் அழைப்பை ஏற்காது" என்கிறது.

இப்போதே பேஸ்புக்கில் போடப்போகிறேன்.

பழைய மேசை · ஜூன் 20, இரவு 10.01

கோபம் விளங்குகிறது. இது எல்லா இடத்திலும் நடக்கிறது, நானும் அப்படி மூடியிருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன். வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறோம் என்று நிலையை மாற்றினால் எங்கள் பக்கக் கடிகாரம் நிற்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் கணினியே மூடிவிடும். மெயிலிலேயே "ஏழு மணிக்கு எடுக்க முடியாது, நாலு மணிக்கு எடுங்கள்" என்று போடச் சொல்லியிருக்கவேண்டும். நான்தான் மறந்தேன்.

நாளைக்குக் காலை அதே மெயிலுக்கு மறுமொழியாக அந்த வரியைச் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்கோ. பேஸ்புக்கில் போடுவதென்றால் போடுங்கோ, ஆனால் முறைப்பாட்டு இலக்கம் தவிர வேறொன்றும் வெளியே போடாதேங்கோ. போன் இலக்கம், கணக்கு இலக்கம், வீட்டு முகவரி ஒன்றும் வேண்டாம்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 22, காலை 10.30

அண்ணை சொன்னது எவ்வளவு நல்லது. நேற்று அவர்களின் பக்கத்தில் ஒரு பதிவின் கீழே வீடியோவோடு எழுதினேன். இருபது நிமிடத்தில் மெசேஜ் வந்தது. அதே சின்னம், ஏறக்குறைய அதே பெயர், "மன்னிக்கவும் மேடம், உடனே தீர்க்கிறோம்" என்று நல்ல தமிழ். போன் இலக்கம் கேட்டார்கள். பிறகு "இழப்பீடு போடுவதற்கு உங்கள் போனுக்கு ஒரு ஆறு இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தைத் திறந்து பார்த்தால் தொடங்கி ஒரு கிழமைகூட இல்லை, பின்தொடர்பவர் முப்பது பேர்.

உண்மையான பக்கம் பதில் போட்டது அதற்கு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு. உள்பெட்டிக்கு வரச் சொன்னார்கள், போனேன். புது இலக்கம் ஒன்று தந்தார்கள். பழைய இலக்கம் "ரெட்டை" என்று மூடப்பட்டது.

சுன்னாகம் சந்தி · ஜூன் 22, காலை 11.00

ரீச்சர், மன்னியுங்கோ. இந்தக் கள்ளப் பக்கம் பற்றி எனக்குத் தெரியாது. நான்தான் போகச் சொன்னேன்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 22, காலை 11.20

இல்லைத் தம்பி, நானும் போவதென்றுதான் இருந்தேன். அந்த ஆறு இலக்கத்தை ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று எல்லாரும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கோ. என் அம்மாவாக இருந்தால் கொடுத்திருப்பா.

பழைய மேசை · ஜூன் 22, பின்னேரம் 5.15

புது இலக்கத்தின் கீழே பழைய நாலு இலக்கத்தையும் திகதியோடு எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கோ. வயது போனாலும் வரலாறு நிற்கும்.

இனி 1900. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் சம்பந்தமான பொறுப்பு அவர்களுடையது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். நிறுவனத்திடம் சொல்லிப் பார்த்தீர்களா, இலக்கம் என்ன என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். ஜூன் 9இல் உங்களிடம் இருந்தது `Slow browsing` என்ற நாலு வரி. இப்போது அளவு இருக்கிறது, வீடியோ இருக்கிறது, மெயில் இருக்கிறது.

நெடுந்தீவு அலை · ஜூன் 23, காலை 8.10

இதையெல்லாம் வாசிக்க என்னுடையது ஞாபகம் வருகிறது. எனக்குப் பைபர் இல்லை, கோபுரத்து இணைப்பு. பின்னேரத்தில் ஊர்ந்துதான் போகும். நானும் போன வருடம் முறைப்பாடு, மெயில், 1900 எல்லாம் போனேன். கடைசியில் நிறுவனம் எழுத்தில் பதில் தந்தது: கோபுரத்தின் கொள்ளளவு நிரம்பிவிட்டது, விரிவாக்கத்துக்குத் திகதி இல்லை. அதோடு நிறுத்திவிட்டு வேறு சிம் வாங்கினேன். என் முறைப்பாட்டுக்குள் யாரும் திருத்தக்கூடிய பொருள் ஒன்றும் இல்லை என்று விளங்கிவிட்டது.

சுன்னாகம் சந்தி · ஜூன் 23, காலை 8.45

அதை ஏற்கமாட்டேன் அண்ணை. தீவில் இருக்கிற எல்லாரும் உங்களைப்போல நிறுத்தினால் விரிவாக்கத்துக்கு எப்போதுதான் திகதி வரும்?

நெடுந்தீவு அலை · ஜூன் 23, காலை 9.05

ஊராகச் சேர்ந்து பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம், அதற்கு நானும் கையெழுத்து வைப்பேன். ஒரு ஆளின் முறைப்பாட்டு இலக்கத்தால் கோபுரம் வராது. ஐந்து மாதம் அதற்குப் பின்னால் அலைந்தேன் தம்பி, படகுத் தொழிலும் கிடக்கிறது.

உரும்பிராய் ரீச்சர் · ஜூன் 25, மத்தியானம் 12.40

1900 எடுத்தேன். தமிழில் கதைத்தார்கள். அண்ணை சொன்ன மாதிரியே முதல் கேள்வி நிறுவனத்தின் முறைப்பாட்டு இலக்கம். எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள். மெயிலையும் அளவையும் அப்படியே அனுப்பினேன், புதிதாக ஒன்றும் எழுதவேண்டியிருக்கவில்லை.

உரும்பிராய் ரீச்சர் · ஜூலை 4, இரவு 9.20

வந்தார்கள்! முந்தநாள் நிறுவனத்தின் பிராந்திய அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா எடுத்தா. "நீங்கள் அனுப்பிய வீடியோ என்னிடம் இன்றைக்குத்தான் வந்தது" என்றா. எத்தனை மணிக்கு வரட்டும் என்று அவவே கேட்டா.

இன்றைக்கு அஞ்சேகாலுக்கு இரண்டு பெடியன்கள் ஏணியோடு. நல்ல காற்று. கம்பத்தடியில் அளவுகருவி −19, வீட்டில் −26, அது அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு பெடியன் மட்டையைக் கையால் விலக்கிப் பிடித்தான், மற்றவன் வீட்டில் நின்று "இப்ப −21" என்று கத்தினான். விட்டவுடன் திரும்ப −26. மூன்று தரம் அப்படிச் செய்து பார்த்தார்கள். இதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. மே மாதத்திலிருந்து நான் சொன்னது ஒருவருக்குத் தெரிகிறது.

உரிந்த வயரை விட்டுவிட்டுக் கம்பத்திலிருந்து புதிதாக இழுத்தார்கள், பனைக்கு மறுபக்கக் கொழுவியால். இப்போது −19.8. காற்று இன்னும் அடிக்கிறது, அளவு அசையவில்லை.

போஸ்ட் ஏறுகிறவன் · ஜூலை 4, இரவு 10.05

நல்லது அக்கா. அந்தக் காய்ந்த மட்டையை வளவுக்காரரிடம் சொல்லி வெட்டுவித்துவிடுங்கோ. வாடைக்காற்றுக்கு மறுபக்கம் ஆடும்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூலை 11, காலை 7.00

ஒரு யோசனை கேட்கவேண்டும். இரண்டு மாதக் கட்டணத்தைக் கழிக்கும்படி கேட்டேன். பிழையிருந்த பதினேழு நாளுக்கு மட்டும் கழிப்பதாகப் பதில் வந்திருக்கிறது, ஜூன் 17 மெயிலில் இருந்து எண்ணியிருக்கிறார்கள். அதற்கு முந்திய நாலு முறைப்பாட்டில் "வேகம் குறைவு" என்று இருப்பதால் அது இந்தப் பிழை என்று காட்டமுடியாதாம். திரும்ப 1900க்குப் போகலாமா?

சுன்னாகம் சந்தி · ஜூலை 11, காலை 7.30

போகவேண்டும். எழுதியது அவர்களின் ஆள், தண்டனை உங்களுக்கா?

பழைய மேசை · ஜூலை 11, காலை 8.15

தம்பி சொல்வது நியாயம். ஆனால் ரீச்சர், கையில் இருக்கிறதைப் பாருங்கோ. அந்த நாலு அழைப்பிலும் நீங்கள் சிவப்பு விளக்கைச் சொன்னதற்கு ஆதாரம் அவர்களின் ஒலிப்பதிவு மட்டும்தான். அதைக் கேட்டுப் பார்க்கும்படி ஒரு மெயில் எழுதுங்கோ, நாலு அழைப்பின் திகதியும் நேரமும் உங்கள் போனில் இருக்கும். பதினாலு நாள் தவணை கொடுங்கோ. கேட்டுப் பார்த்து இல்லை என்றாலோ பதிலே வராவிட்டாலோ, நானென்றால் அதோடு நிறுத்துவேன். புதிய ஆதாரம் இல்லாமல் மேலே போனால் கீழே இருந்தவர் சொன்னதைத்தான் மேலே இருப்பவரும் சொல்வார்.

உரும்பிராய் ரீச்சர் · ஜூலை 12, இரவு 8.50

எழுதிவிட்டேன். ஜூலை 26 என்று திகதி போட்டேன், அந்தத் திகதியை நாட்காட்டியிலும் வட்டம் போட்டேன். காசைவிட, அந்த நாலு அழைப்பையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அளவெட்டி அப்பா · ஜூலை 19, காலை 10.10

எனக்கு 1977க்கு எழுதிக் கொடுத்ததற்கு விசாரணைக்குத் திகதி வந்திருக்கிறது. அதைக் கடைக்காரருக்குச் சொன்னேன், நேற்றுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். திருத்தியா புதிதாகவா வரும் என்று தெரியவில்லை. மூன்று மாதம் என்று சொன்ன தம்பிக்கு நன்றி.

உரும்பிராய் ரீச்சர் · ஜூலை 28, பின்னேரம் 6.30

26 கடந்துவிட்டது, பதில் இல்லை. நிறுத்திவிட்டேன். சுன்னாகம் தம்பிக்கு இது பிடிக்காது என்று தெரியும், எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் பரீட்சை நெருங்குகிறது, அந்த நேரம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

வேறொரு விசயம். எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டு அக்காவுக்கும் பின்னேரத்தில் இணைப்பு நிற்கிறதாம், ஒரு மாதமாகச் சொல்கிறா. போய்ப் பார்த்தேன். அவவின் வயர் என்னுடைய பழைய கொழுவியிலேயே தொங்குகிறது, அதே மட்டைக்குக் கீழே. அவவின் முறைப்பாட்டிலும் `Slow browsing` தான். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அளவு பார்த்தோம், −25.3, காற்று குறைவான நேரத்தில். மூன்று நாள் குறிக்கச் சொல்லிவிட்டு, வீடியோவும் எடுத்துக் கொடுத்துவிட்டு, முதல் வரியை ஒரு துண்டில் எழுதி அவவின் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். எடுக்கும்போது அதை அப்படியே வாசிக்கவேண்டும், பிறகு அவர்கள் என்ன எழுதினார்கள் என்று திரும்ப வாசிக்கக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மட்டை வெட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது.